ஸ்டாப் லிமிட் போட்டும் பங்கு ஏன் விற்கப்படவில்லை?

கேள்வி: பட்டர்வொர்த்தில் இருக்கிறேன். அமெரிக்கப் பங்குகளுக்காக ஒரு சிறிய பைத்தான் நிரல் எழுதியிருக்கிறேன். நான் தூங்கும் நேரத்தில் அதுவே ஆர்டர் அனுப்பும். 50 டாலரில் இருந்த 200 பங்குகளுக்கு 47 ஸ்டாப், 46.80 லிமிட் என்று போட்டு வைத்தேன். காலையில் பார்த்தால் விலை 41, பங்குகள் விற்கப்படாமல் அப்படியே இருக்கின்றன. தரகு நிறுவனத்தின் தவறா? மார்க்கெட், லிமிட், ஸ்டாப் லிமிட் மூன்றில் நிரலுக்கு எது பொருந்தும்?

பதில்: தரகு நிறுவனத்தைக் குறை சொல்வதற்கு முன், அந்தப் பங்கு அன்றிரவு எந்த விலையில் திறந்தது என்று பாருங்கள். சந்தை மூடியிருந்த நேரத்தில் காலாண்டு முடிவு வந்து, பங்கு 43.20-இல் திறந்தது என்று வைத்துக்கொள்வோம். 47-க்குக் கீழே முதல் பரிவர்த்தனை நடந்ததும் உங்கள் ஸ்டாப் விழித்துக்கொண்டது. அதன் வேலை அத்துடன் முடிந்தது. அது செய்ததெல்லாம் 46.80-க்கு ஒரு சாதாரண லிமிட் ஆர்டரைச் சந்தையில் வைத்ததுதான். 43 டாலருக்கு விற்க ஆள் இருக்கும்போது 46.80 கொடுக்க யார் வருவார்கள்? விலை மீண்டும் ஏறினால் விற்றிருக்கும். ஏறவில்லை. நீங்கள் கொடுத்த கட்டளை எழுத்துப் பிசகாமல் நிறைவேறியிருக்கிறது.

மூன்று வகை ஆர்டர்களும் மூன்று வேறு வாக்குறுதிகள். மார்க்கெட் ஆர்டர் விற்றுத் தருவதாகச் சொல்கிறது, எந்த விலைக்கு என்று சொல்வதில்லை. லிமிட் ஆர்டர் விலைக்கு உறுதி தருகிறது, விற்பனைக்குத் தருவதில்லை. ஸ்டாப் லிமிட் என்பது ஒரு நிபந்தனை நிறைவேறும்வரை தூங்கும் லிமிட் ஆர்டர், அவ்வளவே. பெயரில் ‘ஸ்டாப்’ இருப்பதால் நட்டத்தை நிறுத்திவிடும் என்று பலர் நம்புகிறார்கள். இழப்பைத் தடுக்கும் கருவியாக அதை விளம்பரப்படுத்துவோர் மீது எனக்குக் கோபமே உண்டு.

லிமிட் இல்லாத சாதாரண ஸ்டாப் ஆர்டர் போட்டிருந்தால், 47 தாண்டப்பட்டதும் அது மார்க்கெட் ஆர்டராக மாறி, ஏறக்குறைய 43.20-க்கு விற்றிருக்கும். நீங்கள் எதிர்பார்த்ததைவிட பங்குக்கு 3.80, மொத்தம் 760 டாலர் குறைவு. வலிக்கும்தான். ஆனால் இப்போது 41-இல் நிற்கும் இடைவெளி 1,200 டாலர், அது இன்னும் வளரக்கூடும்.

லிமிட்டை அகலமாக வைத்திருந்தால்? 47 ஸ்டாப், 42 லிமிட் என்று கொடுத்திருந்தாலும் 43.20-க்கு அருகில் விற்றிருக்கும். ‘42 என்று எழுதினால் 42-க்கே விற்றுவிடுவார்களே’ என்று பயந்துதான் பலர் 20 காசு இடைவெளியே விடுகிறார்கள். அந்தப் பயம் தேவையற்றது. விற்பனை ஆர்டரின் லிமிட் என்பது கீழ் எல்லை. அந்த நொடியில் அதைவிட நல்ல விலைக்கு வாங்க ஆள் இருந்தால் அந்த விலையே கிடைக்கும். பங்கு 40-இல் திறந்திருந்தால் மட்டும் 42-உம் கைகொடுத்திருக்காது.

நீங்கள் விழித்திருந்து கணினி முன் உட்கார்ந்திருந்தால் விற்காமல் தொங்கும் ஆர்டரைக் கண்டு உடனே மாற்றியிருப்பீர்கள். நிரல் அதைத் தானாகச் செய்யாது, நாம் எழுதித் தர வேண்டும். அப்படி எழுதும்போதுதான் இன்னொரு பள்ளம் வெட்டப்படுகிறது. பங்கு மெதுவாக இறங்குகிறது, 46.95-இல் ஸ்டாப் விழிக்கிறது, 80 பங்குகள் 46.80-க்கு மேலேயே விற்றுவிடுகின்றன. பிறகு விலை 46.50-க்கு நழுவுகிறது. மீதி 120 தொங்குகிறது. ‘இரண்டு நிமிடத்தில் விற்காவிட்டால் ரத்து செய்து மார்க்கெட்டில் விற்றுவிடு’ என்று நிரலில் எழுதி, எண்ணிக்கையை 200 என்றே விட்டிருந்தால் என்ன ஆகும்? கையில் இருப்பது 120 மட்டுமே. மிச்சம் 80 பங்குகளைக் கையில் இல்லாமலே விற்றவர் ஆகிறீர்கள். மார்ஜின் கணக்கு என்றால் அது ஷார்ட் நிலையாக நிற்கும், விலை ஏறினால் புதிய நட்டம். ரொக்கக் கணக்கு என்றால் ஆர்டரே நிராகரிக்கப்படலாம், அப்போது அந்த 120-ம் விற்காமல் நிற்கும்.

ஆகவே ரத்துக் கோரிக்கையை அனுப்பியதோடு நிற்காமல், ரத்தானதாகப் பதில் வரும்வரை நிரல் காத்திருக்க வேண்டும். கோரிக்கை போய்ச் சேரும் நொடிக்குள் இன்னும் சில பங்குகள் விற்றுவிடலாம். பதில் வந்த பிறகு எத்தனை விற்றது என்று கேட்டு, மீதியை மட்டும் அனுப்ப வேண்டும். வரிசை இப்படி இருக்கட்டும்:

```
cancel(order_id)
o = wait_final(order_id)   # canceled / filled
left = 200 - o.filled_qty
if left > 0:
    sell(left, type="market")
```

நிலைப் பெயர்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் சற்று மாறும். accepted என்ற பதில் வந்தால் ஆர்டரை ஏற்றுக்கொண்டார்கள் என்று மட்டுமே பொருள். முழுதும் விற்றதை filled மட்டுமே சொல்லும். rejected வந்தால் நிரல் உங்கள் தொலைபேசிக்குச் செய்தி அனுப்பியே ஆக வேண்டும், ஏனெனில் அந்த நிமிடத்திலிருந்து உங்கள் பங்குக்குக் காவல் இல்லை. நிராகரிப்புக்குக் காரணம் பெரும்பாலும் அற்பமானது. சதவீதக் கணக்கில் வந்த 46.8137 போன்ற விலையை அப்படியே அனுப்பினால் போதும், நிராகரித்துவிடுவார்கள். ஒரு டாலருக்கு மேற்பட்ட பங்குகளுக்கு விலையைக் காசுக்கு முழுமையாக்கி அனுப்புங்கள். பின்னாளில் புர்சா மலேசியாவுக்கு இதே நிரலை மாற்றினால் விலைப்படிகள் வேறு: ஒரு ரிங்கிட்டுக்குக் கீழே அரை சென், அதிலிருந்து 9.99 வரை ஒரு சென்.

உங்கள் நிலைக்கு எது பொருந்தும் என்று என் கருத்தைக் கேட்டால், வாங்குவதற்கு எப்போதும் லிமிட். விற்பவர் 50.02 கேட்டால் 50.10 என்று லிமிட் வைத்தால் பெரும்பாலும் உடனே கிடைக்கும், ஆனால் 50.75-க்கு வாங்கி மாட்டிக்கொள்ள முடியாது. காவலுக்கு, நாள்தோறும் பல லட்சம் பங்குகள் கைமாறும் பெரிய நிறுவனம் என்றால் சாதாரண ஸ்டாப் ஆர்டரே மேல். வாங்குவோர் குறைவான சிறிய நிறுவனத்தில் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். அங்கே 200 பங்குகளை மார்க்கெட்டில் கொட்டினால், முதல் 50-ஐ 46.90-க்கு வாங்குபவர் தீர்ந்ததும் அடுத்தவர் 45.60-தான் தருவார். அத்தகைய பங்குக்கு அகலமான லிமிட்டோடு ஸ்டாப் லிமிட், அதைக் கவனிக்க மேலே காட்டிய, ரத்து செய்து மீதியை விற்கும் படி, அந்தப் படியிலும் மார்க்கெட்டுக்குப் பதிலாக இன்னும் தாழ்ந்த லிமிட். காலாண்டு முடிவு வரும் இரவில் விலை ஒரேயடியாகத் தாவும் இடைவெளியை எந்த ஆர்டராலும் தடுக்க முடியாது. அன்று பங்குகளின் எண்ணிக்கையைக் குறைப்பதுதான் வழி.

நிரலின் கடிகாரத்தையும் ஒருமுறை பாருங்கள். நியூயார்க் சந்தை நமக்கு இரவு 9.30-க்குத் திறப்பது மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை மட்டுமே. மற்ற மாதங்களில் 10.30. மலேசிய நேரம் 9.35 என்று நிரலில் எழுதியிருந்தால், டிசம்பரில் உங்கள் மார்க்கெட் ஆர்டர் திறப்பு ஏலத்துக்காக வரிசையில் காத்திருந்து, அங்கே அமையும் விலைக்கு நிறைவேறும். நேரத்தை `ZoneInfo("America/New_York")` கொண்டு கணக்கிட்டால் இந்தத் தொல்லை வராது. மாதிரிக் கணக்கில் ஒத்திகை பார்க்கும்போது, பாதி மட்டும் விற்ற ஆர்டரை நீங்களே உருவாக்கிச் சோதியுங்கள். பல மாதிரிக் கணக்குகள் லிமிட்டை விலை தொட்டாலே முழுவதும் விற்றதாகக் காட்டிவிடுகின்றன.