ரத்தம் கேட்டு அனுப்பும் செய்தி: முதல் வரியில் எது வர வேண்டும்? (கேள்வி பதில்)

*ரத்த தானக் குழுக்களை ஒருங்கிணைக்கும் நம் உறுப்பினர் ஒருவர் பதில் சொல்கிறார்.*

"அக்கா, வாட்ஸப் குழுவில் எல்லா விவரமும் தெளிவாக எழுதித்தான் போட்டேன். ஒருவரும் கூப்பிடவில்லை. செய்தி இது: 'அனைவருக்கும் வணக்கம். அவசர உதவி தேவை. என் நண்பரின் அம்மா மதுரையில் அனுமதிக்கப்பட்டிருக்கிறார். நாளை காலை அறுவை சிகிச்சை. ஓ நெகட்டிவ் 2 யூனிட் வேண்டும்.'"

விவரம் இருக்கிறது தம்பி, கடைசியில் இருக்கிறது. பூட்டிய திரையில் பல ஆண்ட்ராய்டு போன்கள் முதலில் ஒரு வரிதான் காட்டும். குழு என்றால் அந்த வரியிலேயே உங்கள் பெயரும் இடம் பிடித்துக்கொள்ளும். மிச்சத்தில் தெரிந்தது "அனைவருக்கும் வணக்கம். அவசர உத…" மட்டும்தான். ஓ நெகட்டிவ்காரர் அதைப் பார்த்துவிட்டு போனை மறுபடி சட்டைப்பையில் போட்டிருப்பார்.

இப்படி எழுதியிருக்கலாம்: "ஓ நெகட்டிவ், மதுரை, மார்ச் 14 காலை 8-க்குள்". ரத்த வகை முதலில் வந்தால் மற்ற வகைக்காரர்கள் திறக்கவே வேண்டாம். ஊர் அடுத்து, ஏனென்றால் திருநெல்வேலியில் இருப்பவர் உடனே முடிவு செய்யலாம். நேரம் மூன்றாவது. மருத்துவமனை, யூனிட் எண்ணிக்கை, தொடர்பு எண் எல்லாம் இரண்டாவது வரிக்குப் போகட்டும். ஒன்றா இரண்டா என்பதைப் பார்த்து யாரும் வருவதா வேண்டாமா என்று முடிவு செய்வதில்லை.

வகையைக் குறிகளால் எழுதாதீர்கள். ஓ போட்டு ஒரு சிறு கோடு போட்டால், அவசரத்தில் பார்ப்பவர் கண்ணில் அந்தக் கோடு படாது. 'நெகட்டிவ்' என்றே எழுதுங்கள்.

"'நாளை காலை' என்று போட்டால் போதாதா? தேதி எதற்கு?"

போதாது. உங்கள் செய்தி ஃபார்வேர்டு ஆகும். நான்கு நாள் கழித்துப் படிப்பவருக்கும் அது 'நாளை காலை'தான். எப்போதோ முடிந்துபோன தேவைக்கு ஆட்கள் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். நோயாளியின் வீட்டார் பாவம். தேதி போடுங்கள்.

"பிளேட்லெட்டுக்கும் இதே வரிதானா? அப்புறம், டெங்கு வந்து ஆறு மாதம் ஆனவர் கொடுக்கலாமா?"

'பிளேட்லெட்' என்ற சொல் ரத்த வகைக்கும் முன்னால் வர வேண்டும். இயந்திரத்தில் எடுப்பதென்றால் ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம் ஆகும். மதிய இடைவேளையில் வந்து போக நினைப்பவருக்கு அது முதலிலேயே தெரிய வேண்டும். இரண்டாவது கேள்வியை ரத்த வங்கி மருத்துவரிடம் கேளுங்கள்.

"டாக்டர் எழுதிய சீட்டையே போட்டோ எடுத்துப் போட்டுவிடலாமே? அதில் எல்லாம் இருக்கிறது."

தலைப்பு வரி இல்லாத போட்டோவுக்கு, அறிவிப்பில் 'போட்டோ' என்று மட்டும் வரும். போட வேண்டுமானால் மேலே சொன்ன வரியைப் படத்தின் கீழே எழுதிப் போடுங்கள். சீட்டில் இருக்கும் நோயாளியின் பெயரையும் நோயையும் மறைத்துவிடுங்கள். முதல் வரியிலும் அவை வேண்டாம். மேசையில் கிடக்கும் போனை யாரும் பார்க்கலாம்.

"ஓய்வு பெற்ற ஆசிரியன் நான். ரத்தம் கேட்கும்போது ஒரு வணக்கம்கூட இல்லாமல் 'ஓ நெகட்டிவ்' என்று தொடங்குவது, கடைக்காரரிடம் சாமான் கேட்பது போல இருக்கிறது."

ஐயா, வணக்கத்தை எடுக்கச் சொல்லவில்லை, இரண்டாவது வரிக்கு மாற்றத்தான் சொல்கிறேன். திறந்து படிப்பவர் கண்ணில் அது படும். திறக்காதவருக்கு வணக்கத்தை மட்டும் காட்டி என்ன பயன்?

"ஆசிரியர் ஐயா சொல்வதுதான் சரி. எங்கள் தெருக் குழுவில் வணக்கம் இல்லாமல் போட்டால் முகம் சுளிப்பார்கள். தண்ணீர் லாரி வருகிறது என்று சொல்வதற்கே வணக்கம் வேண்டும்!"

முப்பது பேர் இருக்கும் தெருவில் எல்லோரும் எல்லோரையும் அறிவார்கள். உங்கள் பெயரைப் பார்த்தே திறப்பார்கள். நான் சொல்வது முகம் தெரியாத நூற்றுக்கணக்கானோர் இருக்கும் குழு.

"முகம் தெரியாதவரிடம்தானே மரியாதை அதிகம் வேண்டும்?" (மீண்டும் ஆசிரியர்)

நல்ல கேள்விதான் ஐயா. ஆனாலும் என் வரிசையை மாற்ற மாட்டேன். உங்கள் குழுவில் நீங்கள் உங்கள் முறையில் போட்டுப் பாருங்கள்.

"முதலில் 'வணக்கம்' தனியாக, பிறகு விஷயம் தனியாக அனுப்பினால்?"

இரண்டுக்கும் நடுவே வேறு யாராவது 'காலை வணக்கம்' பூ படம் போடுவார். ஒரே செய்தியாக அனுப்புங்கள்.

"போட்டோ மட்டும் அனுப்பினால் போதுமா?"

மேலே படியுங்கள்.

"சிவப்பு சைரன் படம் நாலைந்து போட்டு 'அவசரம்' என்று..."

எல்லோரும் அதைத்தான் போடுகிறார்கள். தள்ளுபடி விளம்பரத்துக்கும் சைரன் வருகிறது. அந்த இடத்தில் ஊர் பெயர் வரட்டும்.

"தப்பாகப் போட்டால் பிறகு திருத்திக்கொள்ளலாமே?"

பாதி சரி. வாட்ஸப்பில் 15 நிமிடத்துக்குள் திருத்தலாம். ஆனால் திருத்தினால் புது அறிவிப்பு போகாது. 'பி' என்று படித்துவிட்டுப் போனவருக்கு அது 'ஓ' ஆனது தெரியாது. வகையோ தேதியோ தவறினால் அழித்துவிட்டு மறுபடி அனுப்புங்கள்.

"முன்னோட்டத்தையே மறைத்து வைத்திருப்பவருக்கு?"

முதல் வரியால் பயனில்லை. போன் செய்யுங்கள்.

"ரத்தம் கிடைத்த பிறகு 'நன்றி' போட்டால் போதும்தானே?"

போதாது. "கிடைத்துவிட்டது, ஓ நெகட்டிவ், மதுரை, மார்ச் 14" என்று தொடங்குங்கள். பஸ் ஏறக் கிளம்பியவர் அதைப் பார்த்து நின்றுகொள்வார். நன்றி அதற்குக் கீழே.