இருப்பாய்வு சரியாக நிற்கிறது, லாபம் மட்டும் ஏன் தள்ளாடுகிறது?

*கேள்வி: இரண்டு மாதமும் விற்பனை ஏறக்குறைய ஒன்றுதான். போன மாதம் லாபம் எக்கச்சக்கம், இந்த மாதம் படுத்துவிட்டது. இருப்பாய்வு இரண்டு மாதமும் சரியாக நிற்கிறது, வங்கிக் கணக்கும் ஒத்துப்போகிறது. எங்கே தேடுவது?*

பதிவான உருப்படிகளில் தேடாதீர்கள். பதிவாகாமல் போன செலவைத் தேடுங்கள். பற்று, வரவு இரண்டுமே எழுதப்படவில்லை என்றால் இருப்பாய்வு பேசாமல் சமனாகிவிடும். பணமும் இன்னும் வெளியே போகாததால் வங்கிக் கணக்கிலும் அது தெரியாது.

எனக்குத் தெரிந்த ஒரு அலுவலகத்தில், வேலைக்குச் சேர்ந்து சில மாதங்களே ஆன ஒரு எழுத்தர் இதைக் கண்டுபிடித்தார். அங்கே முதல் மாதம் லாபம் 80,000, அடுத்த மாதம் 20,000. அந்தப் பெண் வவுச்சர்களைப் புரட்டிப் பார்த்தார், ஒன்றும் கிடைக்கவில்லை. அப்புறம் செலவுக் கணக்குகளை மட்டும் எடுத்து, மாதவாரியாகப் பக்கத்தில் பக்கத்தில் எழுதினார். வாடகை, சம்பளம் எல்லாம் ஒரே சீராக இருந்தன. மின்கட்டணம் மட்டும் முதல் மாதம் சுழி, அடுத்த மாதம் 60,000.

மின்கட்டண பில்லை எடுத்தார். பில் தேதி இரண்டாம் மாதம் 10. ஆனால் அதற்குக் கீழே சிறிய எழுத்தில் இருந்த பயன்பாட்டுக் காலம் முழுக்க முதல் மாதம். வழக்கமாக மாதக் கடைசியில் மீட்டரைப் பார்த்து உத்தேசமாகப் பதிவு போடுபவர் அந்த முறை விடுப்பில் இருந்திருக்கிறார். அதனால் பில் வந்த தேதியில்தான் செலவு ஏறியது. இரண்டாம் மாதத்துக்கு உரிய 30,000 வழக்கம்போல மாதக் கடைசியில் ஏறிவிட்டது. ஆக, இரண்டு மாதச் செலவு ஒரே மாதத்தின் தலையில். உண்மையில் இரண்டு மாதமும் லாபம் 50,000தான்.

விடுபட்ட பதிவு இவ்வளவுதான்:

மின்கட்டணக் கணக்கு பற்று 30,000
கொடுபட வேண்டிய செலவுக் கணக்கு வரவு 30,000

இது இல்லாததால் லாபம் மட்டுமல்ல, மாதக் கடைசி இருப்புநிலைக் குறிப்பில் பொறுப்பும் 30,000 குறைவாக நின்றது. பலரும் இதைக் கவனிப்பதில்லை.

அடுத்த மாதம் முதல் தேதியே இந்தப் பதிவைத் தலைகீழாகத் திருப்பிப் போட வேண்டும். பிறகு நிஜ பில் 31,200 என்று வந்தால், அதை முழுசாகச் செலவில் எழுதலாம். மீதி நிற்பது 1,200 மட்டுமே. உத்தேசத்துக்கும் நிஜத்துக்கும் இந்த அளவு வித்தியாசம் சகஜம், அது அந்த மாதத்திலேயே போகட்டும். திருப்பிப் போட மறந்தால்தான் ஆபத்து: ஒரே செலவு இரண்டு முறை ஏறும்.

உங்கள் போன மாதக் கணக்கு இன்னும் மூடப்படவில்லை என்றால், அந்த மாதக் கடைசித் தேதியிலேயே பதிவைப் போட்டு, இந்த மாதம் முதல் தேதியில் திருப்புங்கள். மூடி, அறிக்கையும் கொடுத்தாகிவிட்டது என்றால், நீங்களாக மறுபடி திறக்காதீர்கள். இந்த மாத அறிக்கையில் எந்தச் செலவு, எவ்வளவு, எந்த மாதத்துக்கு உரியது என்று ஒரு குறிப்பு எழுதி மேலாளரிடம் காட்டுங்கள்.