கால் கிலோ கோழியா, கால் கிலோ கடலையா?

கேள்வி: நான் தினமும் கால் கிலோ கோழிக்கறி சாப்பிடுகிறேன். நண்பன் புட்டுக்குக் கால் கிலோ கொண்டைக்கடலை சாப்பிடுகிறான். புரதம் யாருக்கு அதிகம்?

பதில்: கடலையை எடை போட்டது ஊறவைக்கும் முன்பா, வெந்த பிறகா? கொழிஞ்சாம்பாறையில் என் தம்பிக்கும் அவனுடைய நண்பனுக்கும் இதே சண்டை வந்தது. சமையலறைத் தராசையும் ஒரு நோட்டையும் கொடுத்து, ஒரு நாள் முழுக்க எழுதச் சொன்னேன்.

நண்பன் முதல் வரியிலேயே ‘கடலை 250 கிராம், புரதம் 48’ என்று எழுதினான். அவன் நிறுத்தது வெந்த கடலை. முந்தைய இரவு அவன் அம்மா ஊறப்போட்டது 100 கிராம்தான். மீதி எடை தண்ணீர். புரதம் 19 கிராம் என்று திருத்தினோம். தம்பி சிரித்தான். சாப்பிட்டு முடித்ததும் அவன் தட்டில் கிடந்த எலும்புகளைத் தராசில் வைத்தேன்: 75 கிராம். எலும்போடு வாங்கிய 250 கிராமில் இறைச்சி 175 கிராம்தான். புரதம் சுமார் 35. அவன் 60 என்று எழுதியிருந்தான்.

கேள்வி: வேகவைத்தால் கோழியின் எடை குறைகிறதே, புரதம் ஆவியாகிப் போகிறது என்றுதானே பொருள்?

பதில்: எடை குறைவது உண்மை. போவது பெரும்பாலும் தண்ணீர்; புரதம் கறியிலேயே தங்குகிறது. அதனால்தான் எலும்பில்லாத நெஞ்சுக்கறி பச்சையாக 100 கிராமில் சுமார் 22 கிராமும், வெந்தபின் அதே எடையில் 30 கிராமும் காட்டுகிறது. பச்சை எடைக்கு வெந்த கணக்கைப் போட்டால் தப்பாகும். நோட்டில் ‘பச்சை’ அல்லது ‘வெந்தது’ என்று பக்கத்திலேயே எழுதுங்கள்.

கேள்வி: என் அம்மாவுக்குச் சிறுநீரகக் கோளாறு. கடலையை 100 கிராமாக நிறுத்துக் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம், அம்மா. இது ஆரோக்கியமான இரண்டு இளைஞர்களின் கணக்கு. உங்கள் அம்மாவுக்கு அளவைச் சொல்ல வேண்டியவர் அவரைப் பார்க்கும் மருத்துவர்.

கேள்வி: கடைசியில் யார் ஜெயித்தார்?

பதில்: தம்பிக்கு இரண்டு முட்டையில் 12, 150 கிராம் அரிசியில் 10, கோழியோடு சேர்த்து 57. நண்பனோ வயலுக்குப் போகிறவன். மூன்று வேளைக்கும் சேர்த்து 300 கிராம் அரிசி சாப்பிடுகிறான்; அதில் மட்டும் 21. அரை லிட்டர் பாலில் 16, ஒரு கைப்பிடி நிலக்கடலை 50 கிராமில் 12, கொண்டைக்கடலையின் 19-ஐயும் சேர்த்து மொத்தம் 68. சோற்றில் புரதம் இருப்பதை இருவருமே கணக்கில் சேர்த்திருக்கவில்லை.

ஆனால் தம்பியின் எடை 58 கிலோ, நண்பனின் எடை 74. உடல் எடையில் ஒரு கிலோவுக்குப் பார்த்தால் தம்பிக்கு 0.98 கிராம், நண்பனுக்கு 0.92. இருவருமே ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஒரு நாளைக்குச் சொல்லும் 0.83-ஐத் தாண்டிவிட்டார்கள். எந்தக் கணக்கில் ஜெயிப்பது என்ற சண்டை இன்னும் நடக்கிறது. நோட்டு இப்போது நண்பன் வீட்டில் இருக்கிறது.