எக்ஸ் தேதியும் இறங்கும் விலையும்: டிவிடெண்ட் கேள்வி பதில்

கேள்வி: ரெக்கார்ட் தேதி வெள்ளிக்கிழமை என்று அறிவிப்பு. வெள்ளி காலையிலேயே வாங்கிவிட்டேன், மாலையில் செயலியிலும் பங்கு தெரிந்தது. ஆனால் டிவிடெண்ட் வரவில்லை. புரோக்கர் விழுங்கிவிட்டாரா?

பாவம், புரோக்கர் மேல் தப்பில்லை. செயலி காட்டியது நீங்கள் செய்த வியாபாரத்தை. நிறுவனம் பார்ப்பது பங்குதாரர் பதிவேட்டை. வியாபாரம் முடிந்த நிமிடமே அந்தப் பதிவேட்டில் பெயர் ஏறாது, செட்டில்மென்ட் முடிந்த பிறகுதான் ஏறும். உங்கள் சந்தையில் செட்டில்மென்டுக்கு ஒரு வேலை நாள் ஆகிறது என்றால், வெள்ளியன்று வாங்கிய பங்கு திங்களன்றுதான் உங்கள் பெயருக்கு வருகிறது. வெள்ளி இரவு பதிவேட்டை மூடும்போது அதில் இருந்தது உங்களுக்கு விற்றவரின் பெயர். நீங்கள் வியாழனுக்குள் வாங்கியிருக்க வேண்டும்.

இதில் நிறையப் பேர் குழம்பக் காரணம் பழைய கட்டுரைகள். செட்டில்மென்டுக்கு இரண்டு நாள் ஆன காலத்தில், ரெக்கார்ட் தேதிக்கு ஒரு வேலை நாள் முன்பே எக்ஸ் தேதி, அதாவது வாங்கினால் டிவிடெண்ட் கிடைக்காத முதல் நாள், வந்துவிடும். அப்போது வெள்ளி ரெக்கார்ட் என்றால் வியாழன் எக்ஸ், புதனுக்குள் வாங்கியாக வேண்டும். இந்தியா 2023 ஜனவரியிலும் அமெரிக்கா 2024 மே 28 அன்றும் ஒரு நாள் முறைக்கு முழுமையாக மாறின. அதனால் அங்கெல்லாம் இப்போது எக்ஸ் தேதியும் ரெக்கார்ட் தேதியும் பொதுவாக ஒரே நாள். ஐரோப்பாவின் பெரிய சந்தைகள் 2027 அக்டோபரில் மாறத் திட்டமிட்டிருக்கின்றன.

ரெக்கார்ட் தேதியிலிருந்து விரல் விட்டு எண்ணுவதை விட்டுவிடுங்கள். எக்ஸ் தேதி எது என்று மட்டும் பாருங்கள், அதற்கு முந்தைய வேலை நாள்தான் வாங்குவதற்குக் கடைசி நாள். இன்னொன்று: வியாழன் மாலை முடிந்த விலையையும் வெள்ளி காலை நீங்கள் வாங்கிய விலையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். டிவிடெண்ட் இல்லாத பங்கை, டிவிடெண்ட் இல்லாத பங்கின் விலைக்குத்தான் அநேகமாக வாங்கியிருப்பீர்கள்.

கேள்வி: எக்ஸ் தேதி காலையில் எக்ஸ்சேஞ்சே விலையைக் குறைத்துவிடும் என்று படித்தேன். அப்படியானால் சந்தை விலை என்பதே பொய்தானே?

நீங்கள் படித்ததில் பாதி சரி. சில சந்தைகளில், நிலுவையில் கிடக்கும் சில ஆர்டர்களின் விலை மட்டும் மாற்றப்படும். அமெரிக்காவில், முன்பே போட்டு வைத்த வாங்கும் லிமிட் ஆர்டரும் விற்கும் ஸ்டாப் ஆர்டரும் எக்ஸ் தேதியன்று டிவிடெண்ட் அளவுக்கு இறக்கப்படும். வேண்டாம் என்றால் ஆர்டர் போடும்போதே DNR, அதாவது குறைக்காதே, என்று குறிக்க வேண்டும். இந்த வசதி இல்லாத சந்தையில், இறுக்கமாக ஸ்டாப் லாஸ் வைத்தவர்களின் பங்கு எக்ஸ் தேதி காலையில் ஒரு காரணமும் இல்லாமல் விற்றுப்போகும். ஆனால் முதல் வியாபாரம் எந்த விலையில் நடக்க வேண்டும் என்று எந்த எக்ஸ்சேஞ்சும் சொல்வதில்லை. அந்த விலையை வாங்குகிறவர்களும் விற்கிறவர்களும்தான் இறக்குகிறார்கள்.

ஒரு கணக்குப் போடுவோம். நாணயம் எதுவாக இருந்தாலும் சரி. ஒரு நிறுவனத்துக்கு ஒரு கோடி பங்குகள், விலை 200. மொத்த மதிப்பு 200 கோடி, அதில் 30 கோடி வங்கியில் ரொக்கமாக இருக்கிறது. பங்குக்கு 6 டிவிடெண்ட் அறிவிக்கிறார்கள். 6 கோடி வெளியே போகிறது, மீதி 194 கோடி, ஆக பங்குக்கு 194.

இறங்காமல் மறுநாளும் 200லேயே திறக்கும் என்று எல்லோருக்கும் தெரிந்தால் என்ன ஆகும்? முதல் நாள் மாலை 200க்கு வாங்கி, காலையில் 200க்கு விற்று, 6ஐ சும்மா எடுத்துக்கொண்டு போகலாம். அப்படி ஒரு பணம் மேசை மேல் கிடந்தால் முதல் நாள் மாலையே கூட்டம் முண்டியடித்து விலையை 206 வரை ஏற்றிவிடும். மாலை விலைக்கும் காலை விலைக்கும் நடுவே ஏறக்குறைய 6 இடைவெளி விழும்வரை இந்தத் தள்ளுமுள்ளு ஓயாது.

அதே நபர் மீண்டும்: ஆனால் பணம் நிறுவனத்தை விட்டுப் போவது சில வாரம் கழித்துத்தானே? எக்ஸ் தேதியன்று 30 கோடியும் வங்கியில் அப்படியே இருக்கிறதே?

இதுதான் நல்ல கேள்வி. பணம் இருக்கிறது, ஆனால் அதில் 6 கோடி இன்னாருக்குச் சேர வேண்டியது என்று ஆகிவிட்டது. எக்ஸ் தேதிக்குப் பிறகு பங்கு வாங்குகிறவருக்கு அந்த 6 கோடியில் ஒரு பைசா பாத்தியதை கிடையாது. அவர் வாங்குவது 24 கோடி ரொக்கமும் தொழிலும் உள்ள நிறுவனத்தை. விலை பின்தொடர்வது உரிமையை, பணம் நகரும் நாளை அல்ல. சந்தேகமிருந்தால் ஏதாவது ஒரு பங்கின் பட்டுவாடா நாளை எடுத்துப் பாருங்கள். அன்று டிவிடெண்ட் காரணமாக விலையில் அசைவே இருக்காது.

கேள்வி: முதல் நாள் வாங்கி மறுநாள் விற்றால் லாபம் இல்லை என்கிறீர்கள். நான் செய்து காட்டியிருக்கிறேன். 200க்கு வாங்கி 197க்கு விற்றேன், டிவிடெண்ட் 6 வந்தது. 3 லாபம்.

வாழ்த்துகள். ஆனால் அந்த 3 டிவிடெண்டிலிருந்து வந்ததல்ல. அன்று 194க்கு வந்திருக்க வேண்டிய பங்கு 197ல் நின்றது, அதாவது சந்தை உங்கள் பக்கம் 3 ஏறியது. எக்ஸ் தேதியே இல்லாத ஒரு சாதாரண நாளில் வாங்கியிருந்தாலும் அந்த 3 கிடைத்திருக்கும். சந்தை 3 இறங்கிய நாளாக இருந்தால் 191க்கு விற்று இங்கே வேறு மாதிரி எழுதியிருப்பீர்கள்.

வரியையும் சேர்த்துப் பாருங்கள். டிவிடெண்டுக்கு 20 சதவீதம் வரி என்று வைத்துக்கொண்டால் கையில் நிற்பது 4.80. விலை சரியாக 6 இறங்கினால், 6 நஷ்டத்துக்கு எதிராக 4.80 வருகிறது. 1.20 கைநஷ்டம், இரண்டு முறை புரோக்கரேஜ் தனி. அந்த 6 நஷ்டத்தை வேறு லாபத்தில் கழித்துக்கொள்ளலாம் என்று நினைத்தால், இந்த விளையாட்டைத் தடுக்கவே பல நாடுகள் விதி வைத்திருக்கின்றன. அமெரிக்காவில் குறைந்த வரி விகிதம் கிடைக்க, எக்ஸ் தேதியைச் சுற்றிய 121 நாள் காலத்தில் 60 நாளுக்கு மேல் பங்கைப் பிடித்து வைத்திருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் வரிக் கழிவு பெற 45 நாள் விதி உண்டு. ஓர் இரவு வைத்திருந்தவருக்கு இரண்டுமே உதவாது.

கேள்வி: விலை சரியாக டிவிடெண்ட் அளவுக்கு இறங்குகிறது என்பதே தவறு. எல்டன், குரூபர் என்ற ஆய்வாளர்கள் 1970லேயே சராசரி இறக்கம் டிவிடெண்டைவிடக் குறைவு என்று காட்டிவிட்டார்கள். காரணம் வரி. இதைச் சொல்லாமல் 194 என்று கணக்குப் போடுவது சரியா?

சரியான இடத்தில் பிடித்தீர்கள். மேலே நான் போட்டது வரி இல்லாத உலகத்துக் கணக்கு. டிவிடெண்டுக்கு 20, விற்ற லாபத்துக்கு 10 சதவீதம் வரி இருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருக்கு டிவிடெண்ட் 6 என்பது 4.80க்குச் சமம். விலை இறக்கத்தில் ஒவ்வொரு 1ம் அவருக்கு 0.90தான் வலிக்கும். 4.80ஐ 0.90ஆல் வகுத்தால் 5.33. விலை அவ்வளவு இறங்கினால், முதல் நாள் விற்பதும் மறுநாள் விற்பதும் அவருக்கு ஒன்றே.

ஆனால் வரியோடு கதை முடிந்தது என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். ஃபிராங்க், ஜகன்னாதன் இருவரும் 1998ல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். ஹாங்காங்கில் டிவிடெண்டுக்கும் வரி இல்லை, விற்ற லாபத்துக்கும் வரி இல்லை. அங்கே சராசரி டிவிடெண்ட் 12 சென்ட், சராசரி இறக்கம் 6 சென்ட். வரி இல்லாத இடத்தில் பாதிதான் இறங்கியது! அவர்கள் சொன்ன காரணம், டிவிடெண்டை வாங்கிக் கையாளும் தொல்லை பலருக்கு வேண்டாம் என்பது. அதனால் எக்ஸ் தேதிக்கு முன் விற்க விரும்புகிறவர்கள் அதிகம், வியாபாரம் வாங்குகிறவர் கேட்கும் தாழ்ந்த விலையில் முடிகிறது. மறுநாள் வாங்க வருகிறவர்கள் அதிகம், விற்கிறவர் கேட்கும் உயர்ந்த விலையில் முடிகிறது. இரண்டு விலைக்கும் உள்ள இடைவெளி இறக்கத்தில் ஒரு பகுதியை விழுங்கிவிடுகிறது.

அதே நபர்: வரிச் சட்டம் மாறும்போது இறக்கத்தின் விகிதமும் மாறுகிறதே. அதை இந்த விளக்கம் எப்படிச் சொல்லும்?

சொல்லாது. அதேபோல் வரி விளக்கம் ஹாங்காங்கைச் சொல்லாது. குறுகிய கால வியாபாரிகள் உள்ளே வந்தால் வரியின் சுவடே அழிந்துவிடும் என்று 1982ல் கலே என்ற ஆய்வாளர் சொன்னதும் மேசை மேல்தான் இருக்கிறது. எந்தச் சந்தையில் யார் அதிகம் வியாபாரம் செய்கிறார்கள் என்பதைப் பொறுத்து மூன்றும் வெவ்வேறு அளவில் வேலை செய்கின்றன என்பது என் கருத்து. உங்களை அது திருப்திப்படுத்தாது என்று தெரியும்.

கேள்வி: நான் விற்கப்போவதில்லை. இறங்கிய விலை எத்தனை நாளில் மீளும்? என் பங்கின் சார்ட்டில் பழைய எக்ஸ் தேதிகளில் பள்ளமே தெரியவில்லை, அதனால் சீக்கிரம் மீள்கிறது என்று நினைக்கிறேன்.

பள்ளம் தெரியாததற்குக் காரணம் சார்ட். பல தளங்கள் டிவிடெண்டைச் சரிக்கட்டிய விலையைக் காட்டுகின்றன. நம் கணக்கில் 194ஐ 200ஆல் வகுத்தால் 0.97. எக்ஸ் தேதிக்கு முந்தைய எல்லா விலைகளையும் அதனால் பெருக்கிவிடுவார்கள், பள்ளம் மறைந்துவிடும். சரிக்கட்டாத விலைக்கு மாற்றிப் பாருங்கள், தெரியும். அப்போதும் சிறிய டிவிடெண்ட் என்றால் கண்ணில் படாது. தினமும் 2 சதவீதம் ஆடும் பங்கில் அரை சதவீத இறக்கத்தை எங்கே தேடுவது?

மீள்வதற்கு நாள் கணக்கு எதுவும் இல்லை. போன 6 திரும்பி வராது, அது உங்கள் வங்கிக் கணக்கில் இருக்கிறது. பிறகு விலை ஏறினால் அது நிறுவனம் புதிதாகச் சம்பாதித்ததால், அல்லது சந்தை ஏறியதால்.

கேள்வி: இறங்குவது நிச்சயம் என்றால் முதல் நாள் பங்கைக் கடன் வாங்கி விற்று ஷார்ட் அடிக்கலாமே?

அடிக்கலாம். யாரிடம் பங்கைக் கடன் வாங்கினீர்களோ அவருக்கு அந்த 6ஐ நீங்கள் உங்கள் பையிலிருந்து தர வேண்டும்.

கேள்வி: எனக்கு நடந்தது வேறு. அமெரிக்கப் பங்கு ஒன்றில் பெரிய சிறப்பு டிவிடெண்ட். ரெக்கார்ட் தேதியில் பங்கு என்னிடம் இருந்தது, அதற்குப் பிறகுதான் விற்றேன். பணம் வந்தது, உடனே புரோக்கர் திரும்ப எடுத்துக்கொண்டார். இது திருட்டு இல்லையா?

டிவிடெண்ட் பங்கு விலையில் 25 சதவீதமோ அதற்கு மேலோ இருந்ததா என்று பாருங்கள். அங்கே அவ்வளவு பெரிய டிவிடெண்டுக்கு வரிசையே தலைகீழ். எக்ஸ் தேதி, பட்டுவாடா நாளுக்கு அடுத்த வேலை நாளில்தான் வரும். உதாரணமாக ரெக்கார்ட் 10ஆம் தேதி, பட்டுவாடா 20, எக்ஸ் 21 என்று வைத்துக்கொள்ளுங்கள். 14ஆம் தேதி நீங்கள் விற்றபோது பங்கு இன்னும் டிவிடெண்டோடுதான் வியாபாரம் ஆகிக்கொண்டிருந்தது, வாங்கியவர் அதற்கும் சேர்த்துத்தான் உங்களுக்கு விலை கொடுத்தார். பதிவேட்டில் உங்கள் பெயர் இருந்ததால் பணம் முதலில் உங்களிடம் வந்தது. அது அவருடையது என்பதால் புரோக்கர் எடுத்து அந்தப் பக்கம் அனுப்பினார். உங்கள் அறிக்கையில் அந்தப் பற்று வரியில் டியூ பில் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். இருந்தால் கணக்கு சரி. டிவிடெண்ட் 25 சதவீதத்துக்குக் கீழே இருந்து, எக்ஸ் தேதிக்குப் பிறகு நீங்கள் விற்றிருந்தால் மட்டும், வியாபாரச் சீட்டோடு போய்ச் சண்டை போடுங்கள்.