இரண்டாங்கட்டுக்கு எட்டாத வைஃபையும் பழைய ரூட்டரும்

கேள்வி: கானாடுகாத்தானில் எங்கள் வீட்டு முகப்பில் ரூட்டர் இருக்கிறது. வளவைத் தாண்டினால் வைஃபை எடுப்பதில்லை. பழைய ரூட்டர் ஒன்றை இரண்டாங்கட்டில் வைத்து, முகப்பிலிருந்து கேபிள் இழுத்து அதன் லேன் போர்ட்டில் மாட்டினேன். சில போன்களில் இணையம் வருகிறது, சிலவற்றில் வரவில்லை. புதிதாக ஏதாவது வாங்க வேண்டுமா?

பதில்: எதுவும் வாங்க வேண்டாம். நீங்கள் கேபிளை லேன் போர்ட்டில் சரியாகத்தான் செருகியிருக்கிறீர்கள். ஆனால் பழைய ரூட்டரின் முகவரி வழங்கும் வேலையை நிறுத்தாமல் விட்டிருக்கிறீர்கள் என்று இந்த அறிகுறியே சொல்கிறது. ஒரு வீட்டில் இரண்டு ரூட்டர்கள் முகவரி கொடுத்தால், எது முந்திக்கொள்கிறதோ அதன் முகவரியைப் போன் ஏற்றுக்கொள்ளும். இணையம் வராத போனில் வைஃபை விவரத்தைத் திறந்து, Gateway என்ற இடத்தில் பழைய ரூட்டரின் எண் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஐயமே இல்லை.

முகப்பு ரூட்டர் 192.168.1.1 என்றும், அது 100 முதல் 199 வரை முடியும் முகவரிகளை வழங்குகிறது என்றும், பழையது 192.168.0.1 என்றும் வைத்துக்கொள்வோம். முகப்பிலிருந்து வரும் கேபிளைக் கழற்றிவிட்டு, பழைய ரூட்டரின் லேன் போர்ட்டில் மடிக்கணினியை இணைத்து, அதன் அமைப்புப் பக்கத்தைத் திறவுங்கள். முதலில் வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையும் முகப்பில் உள்ளபடியே அமையுங்கள். அடுத்து அதன் லேன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றுங்கள். முகப்பு ரூட்டர் வழங்கும் எண்களுக்கு வெளியே இருப்பதால், அது மற்ற கருவிகளுக்குக் கொடுக்கும் முகவரிகளோடு இது மோதாது. மடிக்கணினியின் கேபிளை ஒருமுறை கழற்றிச் செருகி, புதிய முகவரியில் மீண்டும் நுழைந்து, கடைசியாக, முகவரி வழங்கும் வேலையைச் செய்யும் DHCP Server என்பதை Disable செய்யுங்கள். இதை முதலில் செய்துவிட்டால் மடிக்கணினிக்கு முகவரி கிடைக்காமல் போய், மற்ற மாற்றங்களைச் செய்ய வழியில்லாமல் திண்டாட நேரிடும் என்பதால்தான் இந்த வரிசையை வலியுறுத்துகிறேன்.

பிறகு முகப்பு ரூட்டரின் லேன் போர்ட்டிலிருந்து வரும் கேபிளைப் பழையதன் லேன் போர்ட்டில் முன்போலவே மாட்டி, போன்களில் வைஃபையை அணைத்துப் போடுங்கள். இப்போது Gateway எல்லாவற்றிலும் 192.168.1.1 என்று காட்ட வேண்டும். பழைய ரூட்டரின் இன்டர்நெட் போர்ட் காலியாகவே இருக்கட்டும். அமைப்பு எதையும் மாற்றாமல் அதில் செருகினாலும் இணையம் வரும் என்று சிலர் சொல்வது உண்மைதான். ஆனால் இரண்டாங்கட்டு தனி வலையமைப்பாகப் பிரிந்து, அங்குள்ள போனிலிருந்து முகப்பிலிருக்கும் பிரின்டரைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது.

பழைய ரூட்டரின் போர்ட்டுகள் 100 எம்பிபிஎஸ் வகையாக இருந்தால் இரண்டாங்கட்டில் அதற்கு மேல் வேகம் வராது. படம் பார்க்க அது தாராளம். வைஃபைக்கு WPA2 பாதுகாப்பு இல்லாத அளவுக்குப் பழையது என்றால் மட்டும் அதைப் பயன்படுத்தாதீர்கள். வீட்டில் யாரேனும் அதன் ரீசெட் பொத்தானை நீண்ட நேரம் அழுத்திவிட்டால் DHCP மறுபடி இயங்கத் தொடங்கி இதே சிக்கல் திரும்பிவிடும், ஆகவே 192.168.1.2 என்ற எண்ணை அதன் மேலேயே எழுதி ஒட்டி, அந்தப் பொத்தானைத் தொட வேண்டாம் என்று எல்லோரிடமும் சொல்லிவையுங்கள்.