படத்து வாசலில் மாவிலைத் தோரணம்: தொங்கலும் நிழலும்

"கிரகப்பிரவேச அழைப்பிதழில் போடுவதற்காக வீட்டு வாசலைப் படம் எடுத்தேன். அப்போது தோரணம் கட்டியிருக்கவில்லை. இணையத்தில் கிடைத்த ஒரு மாவிலைத் தோரணப் படத்தை வெட்டி எடுத்து, போட்டோஷாப்பில் Warp > Arc கொடுத்து வளைத்து, Drop Shadow-வும் போட்டுப் பார்த்தேன். ஸ்டிக்கர் ஒட்டியது போலவே இருக்கிறது. காலை வெயில், கதவு சாத்தியிருக்கிறது, நேரே நின்று எடுத்த படம். எங்கே தவறு?"

நீங்கள் சொன்ன அந்த இரண்டு கருவிகளில்தான் தவறு இருக்கிறது. முதலில் Arc. அது முழுப் படத்தையும் சேர்த்து வளைக்கிறது. கயிறு எந்தப் பக்கம் சாய்கிறதோ அதற்கேற்ப இலையும் திரும்பிவிடும். இடது ஓரத்து இலைகளின் நுனி இடப்பக்கமும், வலது ஓரத்து இலைகளின் நுனி வலப்பக்கமும் விசிறி போல விரிந்திருக்கும், உங்கள் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். நிஜத் தோரணத்தில் வளைவது கயிறு மட்டும்தான். இலை ஒவ்வொன்றும் தன் எடையில் நேர் கீழே தொங்கும். பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஆனால் கண் கண்டுபிடித்துவிடும்.

ஆகவே அந்த ஆயத்தத் தோரணத்தை ஓரமாக வைத்துவிட்டு, கயிற்றையும் இலையையும் தனித்தனியாகச் செய்யுங்கள்.

இலைக்கு இணையத்தில் தேட வேண்டாம். ஆறேழு மாவிலைகளைப் பறித்து, தோரணத்துக்கு மடிப்பது போலவே காம்புப் பக்கத்தை ஒரு கயிற்றின் மேல் மடித்து ஈர்க்குச்சியோ ஸ்டேப்ளர் பின்னோ குத்தித் தொங்கவிடுங்கள். வீட்டுப் படம் எடுத்த அதே நேரத்தில், வெயில் அதே பக்கத்திலிருந்து விழும்படி, பின்னால் ஒரு வெள்ளைத் தாளை நன்றாகத் தள்ளி வைத்துப் படமெடுங்கள். இலையைத் தலைக்கு மேலே கட்டி, கேமராவை வழக்கமான உயரத்தில் வைத்து எடுப்பது முக்கியம். நிலை நம் தலைக்கு மேலேதானே இருக்கிறது. கீழிருந்து பார்க்கும்போது இலை சற்றுக் குறுகித் தெரியும், நுனியில் அடிப்பக்கத்தின் வெளிர்பச்சை கொஞ்சம் எட்டிப்பார்க்கும். தரையில் கிடத்தி எடுத்த இலையில் இது வராது.

Pen Tool-ஆல் ஒவ்வொரு இலையையும் வெட்டி எடுத்துத் தனி லேயராக வையுங்கள். ஓரத்தில் வெள்ளைக் கோடு ஒட்டிக்கொண்டு வந்தால் Layer > Matting > Defringe, 1 பிக்சல் போதும்.

அடுத்தது அளவு. இதைக் கண்ணளவில் விடாதீர்கள், கணக்குப் போட்டுவிடலாம். உங்கள் படத்தில் 7 அடி நிலை 2100 பிக்சல் உயரம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 84 அங்குலத்துக்கு 2100 என்றால் அங்குலத்துக்கு 25 பிக்சல். மடித்தது போகக் கீழே தொங்குவது 6 அங்குலம் என்றால் இலை 150 பிக்சல் நீளம். அகலம் 45 பிக்சல் அளவுக்கு வரும். அழைப்பிதழ்ப் படங்களில் தோரணம் பொய்யாகத் தெரிவதற்குப் பாதிக் காரணம் இலை ஒன்றரை மடங்கு பெரிதாக இருப்பதுதான். கதவுக்குத் தோரணம் எடுப்பாக இருக்கட்டும் என்று நினைத்துப் பெரிதாக்கிவிடுகிறார்கள்.

நிலையின் மேல் சட்டம் 4 அங்குலம், அதாவது 100 பிக்சல் உயரம். பக்கச் சட்டமும் அதே அகலம். இரண்டு மூலையிலும் சட்டத்தின் நடுவில் ஆணி. ஆணிக்கு ஆணி 1050 பிக்சல். கயிறு நடுவில் 3 அங்குலம் தொய்கிறது என்று கொண்டால் 75 பிக்சல். Pen Tool-ஆல் ஓர் ஆணியிலிருந்து இன்னோர் ஆணிக்கு ஒரே வளைவாகப் போடுங்கள். இரண்டு முனைகளின் கைப்பிடியையும் உள்பக்கமாக 350, கீழே 100 பிக்சல் இழுத்து வையுங்கள். அகலத்தில் மூன்றில் ஒரு பங்கும், தொய்வில் மூன்றில் நான்கு பங்கும் என்பதுதான் கணக்கு. கயிறு தானாகத் தொய்யும் வளைவு அப்படியே வரும். பிறகு 4 பிக்சல் பிரஷ்ஷில் Stroke Path. சணல் கயிற்றின் மங்கிய பழுப்பு நிறம் எடுத்துக்கொள்ளுங்கள். இலைகளுக்கு நடுவே இரண்டு மூன்று இடங்களில்தான் இந்தக் கயிறு தெரியப் போகிறது, இதில் ரொம்ப மெனக்கெட வேண்டாம்.

இலைகளைக் கயிற்றின் மேல் 50 பிக்சலுக்கு ஒன்றாக அடுக்குங்கள். இரு ஓரத்திலும் ஆணியிலிருந்து 25 பிக்சல் தள்ளித் தொடங்கினால் சரியாக 21 இலை வரும். எல்லா இலையும் பக்கச் சட்டத்தின் கோட்டுக்கு இணையாக இருக்கட்டும்; அப்புறம் ஒன்றிரண்டை மூன்று நான்கு டிகிரி இப்படியும் அப்படியும் திருப்புங்கள். இரண்டு இடத்தில் இலையோடு இலை லேசாக ஏறட்டும், ஓரிடத்தில் இடைவெளி விழட்டும். பலரும் செய்வது, ஒரே இலையை Flip Horizontal செய்து இன்னோர் இலையாக்குவது. இலையோடு சேர்ந்து வெயிலும் திரும்பிவிடும் என்பதால் அது வேண்டாம். பளபளப்பு ஒரு இலையில் இடப்பக்கமும் அடுத்ததில் வலப்பக்கமும் விழுந்தால் மற்ற உழைப்பெல்லாம் வீண்.

இனி நிழல். Drop Shadow எல்லா இலைக்கும் ஒரே தூரத்தில் ஒரே நிழலைக் கொடுக்கிறது; பின்னால் ஒரு தட்டையான சுவர் இருந்தால் சரி. உங்கள் வாசலில் இருப்பது இரண்டு தளம். நிலைச் சட்டம் இலைக்கு அரை அங்குலம் பின்னால் இருக்கிறது. கதவு அதற்கும் 3 அங்குலம் உள்ளே இருக்கிறது. சட்டத்தில் விழும் நிழல் இலையோடு ஒட்டியிருக்கும், கதவில் விழும் நிழல் கீழே இறங்கி விலகிப் போகும்.

எவ்வளவு விலகும் என்பதை உங்கள் படமே சொல்லிவிடும். மேல் சட்டத்தின் நிழல் கதவில் விழுந்திருக்கிறது அல்லவா, அதை அளந்து பாருங்கள். திறப்பின் மேல் விளிம்பிலிருந்து 90 பிக்சல் இறங்கியிருந்தால், 3 அங்குல ஆழத்துக்கு 90, ஆக அங்குலத்துக்கு 30. இடது பக்கச் சட்டத்தின் நிழல் கதவில் 45 பிக்சல் அகலம் இருந்தால் வலப்பக்கமாக அங்குலத்துக்கு 15. இப்போது தோரணத்துக்குப் போடுங்கள். சட்டத்தில் அரை அங்குல ஆழம், நிழல் 15 கீழே, 8 வலது. கதவில் மூன்றரை அங்குல ஆழம், 105 கீழே, 52 வலது. வெயில் எந்தக் கோணத்தில் விழுகிறது என்று தலையைச் சொறிய வேண்டியதே இல்லை.

செய்முறை இது. எல்லா இலை லேயர்களையும் கயிற்றையும் தேர்ந்து Ctrl+Alt+E அழுத்தினால் சேர்ந்த நகல் ஒன்று கிடைக்கும். அதன் சிறுபடத்தில் Ctrl அழுத்திச் சொடுக்கினால் தோரணத்தின் வடிவம் தேர்வாகும். அந்தத் தேர்வோடு ஒரு Curves அட்ஜஸ்ட்மென்ட் லேயர் சேர்த்தால் வடிவம் அதன் மாஸ்க்காக வந்துவிடும். இதை இலைகளுக்குக் கீழே வைத்து, Move Tool-ஆல் 15, 8 நகர்த்துங்கள். அதே போல இன்னொரு Curves, இதை 105, 52 நகர்த்துங்கள். வடிவம் கிடைத்ததும் அந்தச் சேர்ந்த நகலை அணைத்துவிடலாம். இரண்டு Curves-ஐயும் தனித்தனி குரூப்பில் போட்டு, முதல் குரூப்புக்கு நிலைச் சட்டத்தின் வடிவத்தை மாஸ்க்காகவும், இரண்டாவதற்குக் கதவில் வெயில் படும் பகுதியை மட்டும் மாஸ்க்காகவும் கொடுங்கள்.

"வெயில் படும் பகுதியை மட்டும்" என்பதைக் கவனியுங்கள். மேல் சட்டத்தின் நிழலில் ஏற்கெனவே இருக்கும் இடத்தில் இலை நிழல் விழாது. வெயிலே இல்லாத இடத்தில் எதை மறைப்பது? நிழல்மேல் நிழல் கறுத்தால் அது பொய் என்று உடனே தெரியும். உங்கள் கணக்குப்படி கதவின் மேல் 90 பிக்சலில் தோரணத்தின் நிழல் கிடையாது. அதற்குக் கீழேதான் தொடங்கி, நடுவில் சுமார் 280 பிக்சல் வரைக்கும், ஓரங்களில் 205 அளவுக்கும் இறங்கும். வலது ஓரத்து இரண்டு இலைகளின் நிழல் கதவை எட்டவே எட்டாது, பக்கச் சட்டத்தோடு நின்றுவிடும். மேல் சட்டத்திலோ இரு ஓரத்திலும் மூன்று மூன்று இலைக்குத்தான் நிழல். நடுவில் கயிறே சட்டத்துக்குக் கீழே இறங்கிவிட்டது, அங்கே சட்டத்தில் விழ ஒன்றுமில்லை. இப்படிச் சில இடத்தில் நிழல் இல்லாமல் இருப்பதுதான் படத்தை நம்ப வைக்கிறது.

நிழலின் அடர்த்திக்கு ஒரு நல்ல சோதனை உண்டு. கதவில் இலை நிழல் மேல் சட்டத்தின் நிழலோடு வந்து சேரும் இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். Curves-ஐ இறக்கிக்கொண்டே வந்தால் ஒரு கட்டத்தில் இரண்டுக்கும் நடுவே இருந்த கோடு மறைந்து ஒரே நிழலாகிவிடும். அங்கே நிறுத்துங்கள். அடர்த்தி பொருந்தியும் கோடு தெரிந்தால் நிறம் பொருந்தவில்லை என்று பொருள். வெயில் நிழலில் வானத்தின் நீலம் கொஞ்சம் கலந்திருக்கும், Blue சேனலைச் சற்றுக் குறைவாக இறக்கினால் சரியாகும். கறுப்பு நிறத்தைப் பூசி Opacity குறைத்தால் இந்தப் பொருத்தம் எளிதில் கிடைக்காது, மரம் சாம்பல் பூத்தது போலாகிவிடும்.

நிழலின் ஓரத்தை மழுக்குவதில் பலரும் தாராளமாக இருக்கிறார்கள். நேர் வெயிலில் நிழல் மழுங்குவது தூரத்தில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்குதான். மூன்றரை அங்குல ஆழத்துக்கு, வெயில் சாய்ந்து வருவதையும் சேர்த்தால் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் வரும், அதாவது உங்கள் படத்தில் ஒன்றிரண்டு பிக்சல். கதவு நிழலின் மாஸ்க்குக்கு Gaussian Blur 1 பிக்சல், சட்டத்து நிழலுக்கு அரை பிக்சல். மேல் சட்டத்தின் நிழல் விளிம்பைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் கூடுதல் குறைச்சல் தெரிந்துவிடும். இலை ஏறியிருக்கும் இடங்களில் மேல் இலையின் நிழல் கீழ் இலையில் விழ வேண்டும், அதை மெல்லிய பிரஷ்ஷால் கையாலேயே போட்டுவிடலாம்.

இந்தக் கணக்கெல்லாம் நேர் வெயிலுக்குத்தான். போர்டிகோவுக்குள்ளோ மேகமூட்டத்திலோ எடுத்த படம் என்றால் கதவில் இலை வடிவ நிழலே போடாதீர்கள். சட்டத்தில் இலைக்குப் பின்னால் மட்டும் 10 பிக்சல் மழுக்கிய மங்கலான கறுப்பு, அவ்வளவுதான். கதவு திறந்து உள்ளே இருட்டாக இருந்தாலும் பின்னால் நிழல் கிடையாது. ஆனால் இருட்டுக்கு முன்னால் இலையின் ஓரம் பளிச்சென்று தெரியும் என்பதால் வெட்டிய ஓரத்தில் வெள்ளை மிச்சம் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டியிருக்கும்.