64 வரையறைகளும் ஒன்பது வினாத்தாள்களும்: கடைசி நாள் தாளை அடுக்கும் கணக்கு

"ஐயா, என் தம்பி நெல்லிக்குப்பத்தில் தமிழ் வழியில் பிளஸ் டூ படிக்கிறான். பொருளியலுக்காக அவன் நோட்டிலிருந்து 64 வரையறைகளை எடுத்து எக்செல்லில் ஏற்றியிருக்கிறேன். 2020 முதல் 2025 வரையிலான பொதுத்தேர்வு வினாத்தாள்கள் ஐந்தும் துணைத்தேர்வு வினாத்தாள்கள் நான்கும் கையில் இருக்கின்றன. அடிக்கடி வந்தது மேலே நிற்கும்படி அடுக்கி, தேர்வுக்கு முதல் நாள் பார்க்க ஒரே தாளாக்கித் தர ஆசை. ஆனால் எண்ணும்போதெல்லாம் வேறு வேறு எண்ணிக்கை வருகிறது. எப்படித்தான் எண்ணுவது?"
வாசகி, கடலூர் முதுநகர்

எண்ணிக்கை மாறுவதற்குக் காரணம் உங்கள் கவனக்குறைவு அல்ல. நீங்கள் சொல்லை எண்ணுகிறீர்கள். எண்ண வேண்டியது கருத்தை. 'பெருக்கி என்றால் என்ன?', 'பெருக்கியை வரையறு', 'பெருக்கி - பொருள் தருக' ஆகிய மூன்றும் ஒரே வினா. 'பெருக்கியின் வகைகள் யாவை?' என்பதோ அந்தச் சொல் இருந்தாலும் வேறு வினா. வரையறையை மட்டும் எழுதினால் அதற்கு மதிப்பெண் கிடைக்காது. ஆகவே ஒவ்வொரு வினாவிடமும் ஒன்றைக் கேளுங்கள்: நோட்டில் உள்ள வரையறையை அப்படியே எழுதினால் இதற்கு விடை ஆகுமா? ஆகும் என்றால் 1, ஆகாது என்றால் 0. ஒரே வினாத்தாளில் இரண்டு இடத்தில் வந்தாலும் 1தான். எத்தனை முறை வந்தது என்பதைவிட எத்தனை தாள்களில் வந்தது என்பதே நமக்கு வேண்டும்.

தமிழ் வழி மாணவர்களுக்கு இதில் இன்னொரு சிக்கல் உண்டு. ஒரே கலைச்சொல் ஓர் ஆண்டு ஒரு விதமாகவும் அடுத்த ஆண்டு வேறு விதமாகவும் தமிழாக்கப்பட்டிருக்கலாம். ஐயம் வந்தால் வினாவுடன் அச்சாகியிருக்கும் ஆங்கில வரியைப் பாருங்கள். அது ஒன்றாக இருந்தால் தமிழ்ச் சொல் எப்படி மாறியிருந்தாலும் ஒரே வரிசையில் சேருங்கள். தம்பிக்கு ஆங்கிலம் வராவிட்டாலும் பாதகமில்லை, எண்ணுவது நீங்கள்தானே.

எந்தப் பகுதியை எண்ணுவது? பொருளியல் வினாத்தாளில் 21 முதல் 30 வரை இரண்டு மதிப்பெண், 31 முதல் 40 வரை மூன்று மதிப்பெண். இந்த இருபது வினாக்கள் போதும். ஒன்பது தாள்களுக்கு 180 வினாக்கள். ஒரு மதிப்பெண் பகுதியைச் சேர்க்க வேண்டாம். அங்கே சரியான விடையை அடையாளம் கண்டால் போதும், நினைவிலிருந்து எழுதத் தேவையில்லை. இரண்டையும் ஒரே எண்ணிக்கையில் கலந்தால், எழுதிப் பழக வேண்டிய வரையறை கீழே போய்விடும்.

எண்ணத் தொடங்கும் முன் ஒன்பது தாள்களும் உண்மையில் ஒன்பதுதானா என்று பாருங்கள். பல ஆண்டுகளுக்கு முன் மஞ்சக்குப்பத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் என் மாணவன் ஒருவன் வாங்கிவந்த வினாத்தாள் கட்டுக்குள், ஒரே துணைத்தேர்வுத் தாள் இரண்டு தலைப்புகளில் இரண்டு முறை இருந்தது. அதில் வந்த வரையறைகள் எல்லாம் ஒரு படி மேலேறி நின்றன. தாளை அடுக்கி முடித்த பிறகுதான் கண்டுபிடித்தோம். ஒவ்வொரு தாளிலும் 21ஆம் வினாவையும் 30ஆம் வினாவையும் மட்டும் ஒப்பிட்டால் இரட்டைத் தாள் உடனே பிடிபடும். மாதிரி வினாத்தாளும் அரையாண்டுத் தாளும் கலந்திருந்தால் அவற்றையும் ஒதுக்குங்கள். அவை பொதுத்தேர்வுக்கு வினா எடுப்பவர் எடுத்தவை அல்ல. 2020க்கு முந்தைய தாள்களைத் தேடிப் போகவும் வேண்டாம். பிளஸ் டூவுக்குப் புதிய பாடநூல் வந்தது 2019-20இல், அதன் முதல் பொதுத்தேர்வு 2020 மார்ச்சில். 2021இல் பொதுத்தேர்வே நடக்கவில்லை என்பதால் அந்த ஆண்டுத் தாள் இல்லையே என்று கவலைப்படாதீர்கள்.

இனி, பெரும்பாலோர் தவறும் இடத்துக்கு வருகிறேன். 2022 மே மாதத் தேர்வு கொரோனா காரணமாகக் குறைக்கப்பட்ட பாடத்திட்டத்தில் நடந்தது. அதே மாணவர்களுக்கு ஜூலையில் நடந்த துணைத்தேர்வையும் அதனுடன் சேர்த்தே பாருங்கள். அந்த ஆண்டு நீக்கப்பட்டிருந்த பகுதியிலிருந்து ஒரு வரையறை வராததற்குக் காரணம் கேட்க முடியாத நிலை. 'கேட்கப்படவில்லை' என்று அதற்கு 0 போட்டால் அநியாயம். அந்த இரண்டு கட்டங்களையும் காலியாக விடுங்கள். எக்செல்லில் A நிரலில் சொல், B நிரலில் வரையறை, C முதல் K வரை ஒன்பது தாள்கள், முதல் வரிசை தலைப்புக்கு; L2 கட்டத்தில் இதை இட்டு, 65ஆம் வரிசை வரை கீழே இழுத்து நகலெடுங்கள்:

```
=AVERAGE(C2:K2)
```

இந்தச் சூத்திரம் காலிக் கட்டத்தைக் கணக்கில் சேர்க்காது. 0 இருந்தால் சேர்க்கும். நமக்கு வேண்டியதும் அதுதான். கூட்டுத்தொகைக்குப் பதில் சராசரி எடுப்பதற்கும் அதுவே காரணம்.

ஓர் எடுத்துக்காட்டு, எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை, உங்கள் தாள்களில் வேறாக வரும். பெருக்கி ஒன்பது தாள்களில் ஐந்தில் வந்தது என்று வைத்துக்கொள்வோம்: 0.56. தேக்கவீக்கம் ஒன்பதில் நான்கு: 0.44. அமில மழையும் நான்கு தாள்களில் வந்தது, ஆனால் அந்தப் பகுதி 2022இல் நீக்கப்பட்டிருந்தது என்று கொள்வோம். அப்படியானால் அது வந்திருக்கக்கூடிய தாள்கள் ஏழுதான்: 0.57. கூட்டிப் பார்த்தால் தேக்கவீக்கமும் அமில மழையும் சமம். சராசரியில் பார்த்தால் அமில மழை பெருக்கியின் பக்கத்தில் போய் நிற்கிறது.

நிரப்பி முடித்ததும் A முதல் L வரை முழுவதையும் தேர்ந்தெடுத்து, L நிரலின்படி பெரியதிலிருந்து சிறியதாக அடுக்குங்கள். சில நிரல்களை மட்டும் தேர்ந்தெடுத்து அடுக்கினால் சொல் ஒரு வரிசையிலும் அதன் 1, 0 வேறு வரிசையிலும் போய் உட்காரும். சந்தேகம் இருந்தால் அடுக்குவதற்கு முன் பெருக்கியின் எண்ணைக் குறித்துவைத்து, அடுக்கிய பின் ஒப்பிடுங்கள்.

ஆனால் வந்த வரிசையை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒன்பது தாள்களை வைத்துக்கொண்டு ஐந்து முறை வந்ததற்கும் நான்கு முறை வந்ததற்கும் வேறுபாடு காண்பதில் பொருளில்லை. அடுத்த தாளில் ஒன்று வந்தாலே வரிசை மாறிவிடும். அதனால் 1, 2, 3 என்று இடம் கொடுக்காமல் மூன்று கட்டுகளாகப் பிரிக்கிறேன்: 0.4க்கு மேல், 0.2 முதல் 0.4 வரை, அதற்குக் கீழே. ஒரு கட்டுக்குள் எந்த வரிசையும் சரி. 'போன மார்ச்சில் வந்துவிட்டது, இந்த முறை வராது' என்று முதல் கட்டிலிருந்து ஒன்றை எடுத்துவிடும் பழக்கம் மாணவர்களிடம் உண்டு. ஐந்து தாள்களில் வந்த வினா, வந்த பிறகும் திரும்ப வந்ததால்தானே ஐந்தானது?

இந்தக் கட்டுகளில் ஒரே ஒரு மாற்றத்தை மட்டும் கையால் செய்யுங்கள். குழம்பும் இரட்டையரைப் பிரிக்காதீர்கள். சராசரி நுகர்வு விருப்பு முதல் கட்டிலும் இறுதிநிலை நுகர்வு விருப்பு மூன்றாம் கட்டிலும் விழுந்தால், கீழே இருப்பதை மேலே கொண்டுவந்து பக்கத்தில் வையுங்கள். ஒன்று C/Y, மற்றொன்று ΔC/ΔY. அருகருகே பார்த்தால்தான் Δ கண்ணில் படும். பெருக்கியும் முடுக்கியும் அப்படியே, பணவீக்கமும் தேக்கவீக்கமும் அப்படியே. இரண்டு மதிப்பெண் வினாவில் இரட்டையரில் ஒன்றை மற்றொன்றுக்கு மாற்றி எழுதிவிட்டு முழு மதிப்பெண்ணும் இழந்தவர்களை விடைத்தாள் திருத்தும் மையங்களில் நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இப்போது தாள். 64ஐயும் ஒரே தாளில் நிரப்ப முயன்றால் எழுத்து பொடியாகி, காலை எட்டு மணிக்கு யாரும் படிக்க மாட்டார்கள். தம்பியை உட்காரவைத்து, முதலிரண்டு கட்டுகளில் பார்க்காமல் சொல்லத் தெரிந்தவற்றை அடித்துவிடச் சொல்லுங்கள். மிச்சம் இருப்பவை மட்டும் ஏ4 தாளின் இரு பக்கமும் போகட்டும். பக்கத்துக்குப் பதினைந்துக்கு மேல் வேண்டாம். இடப்பக்கம் சொல், வலப்பக்கம் வரையறை; நடுவில் மடித்தால் வலப்பக்கம் மறையும். வரையறையை முழு வாக்கியமாக எழுதாமல், எந்தச் சொல் விடுபட்டால் மதிப்பெண் போகுமோ அதை எழுதுங்கள்:

பெருக்கி: முதலீட்டு மாற்றத்தால் வருவாய் எத்தனை மடங்கு மாறுகிறது; K = ΔY/ΔI
தேக்கவீக்கம்: பணவீக்கம், தேக்கம், வேலையின்மை மூன்றும் சேர்ந்து

மூன்றாம் கட்டு என்ன ஆவது? இரண்டு மதிப்பெண் பகுதியில் பத்தில் ஏழு எழுத வேண்டும். ஆனால் 30ஆம் வினா கட்டாயம். மற்ற ஒன்பதில் மூன்றை விட்டுவிடலாம், 30ஐ விட முடியாது. அடிக்கடி வந்தவற்றை மட்டும் படித்துப் போகிறவனுக்கு விழும் அடி பெரும்பாலும் அந்த இடத்தில்தான். அதனால் மூன்றாம் கட்டைத் தாளில் சேர்க்காமல், முந்தைய நாள் மாலையில் எக்செல் பட்டியலிலிருந்தே ஒரு முறை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். இருபது நிமிடம் போதும். மனப்பாடம் வேண்டாம்; 30இல் வந்தால் சொந்த வாக்கியத்தில் இரண்டு வரி எழுதும் அளவுக்கு அறிமுகம் இருந்தால் சரி.

எண்ணும் வேலையைக் கடைசி நாளில் வைத்துக்கொள்ளாதீர்கள். 180 வினாக்களைப் பார்த்துக் குறிக்க இரண்டு மணி நேரம் போய்விடும். இரண்டு நாள் முன்பே முடித்துவிடுங்கள். தேர்வன்று தாள் நெல்லிக்குப்பம் வீட்டிலேயே இருக்கட்டும், அல்லது பையோடு அறைக்கு வெளியே இருக்கட்டும். மடித்த தாள் சட்டைப்பையில் மறந்து கிடந்தால், அதில் இருப்பது அவன் அக்கா போட்ட கணக்கு என்று பறக்கும் படையிடம் விளக்கிக்கொண்டிருக்க முடியாது.